இரவு வரிசைக்கு ஒரே செய்தி: அலாரமா, காலண்டரா, டெலிகிராமா?

பல் துலக்குவது, முகத்துக்குப் போட வேண்டியதைப் போடுவது, மறுநாள் உடுப்பை எடுத்து வைப்பது. மூன்றையும் சேர்த்தால் கால் மணி நேரம். தனித்தனியாக எதுவும் கடினமில்லை. ஆனாலும் இரவு பதினொன்றுக்குப் படுக்கையில் சாய்ந்த பிறகுதான் "பல் துலக்கவில்லையே" என்று தோன்றும்; காலை ஏழு மணிக்குத்தான் சட்டை கசங்கிக் கிடப்பது தெரியும். இதற்குப் பலர் கண்டிருக்கும் வழி, மூன்றையும் ஒரு மாறாத வரிசையாகக் கட்டி, அந்த வரிசையை ஒரே செய்தியாகத் தினமும் வரவைப்பது. அதை எதில் வைப்பது என்பதில்தான் குழப்பம். போனில் மூன்று அலாரம் போதுமா, பெயரிட்ட ஒரே அலாரமா, கூகுள் காலண்டரா, தானாகச் செய்தி அனுப்பும் டெலிகிராம் பாட்டா?

செய்தியில் என்ன எழுதப் போகிறோம் என்பது தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே வரிசையிலிருந்தே தொடங்கலாம்.

## வரிசை ஏன் இப்படி

முதலில் பல், பிறகு முகம். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் நிறையப் பேர். கிரீம் போட்டுவிட்டுப் பல் துலக்கினால், நுரை உதட்டோரத்திலும் தாடையிலும் வழியும். அதைக் கழுவும்போது போட்ட கிரீமும் போய்விடும். பேஸ்ட் நுரை தோலில் தங்குவது சிலருக்கு வாயைச் சுற்றி எரிச்சலையும் கிளப்பும். பல் முதலில் என்றால், அடுத்து வரும் முகக் கழுவலிலேயே அந்த மிச்சமும் போய்விடும்.

பல் துலக்குவதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பல்லிடுக்குகளை நூலால் சுத்தம் செய்வதாக இருந்தால் பிரஷுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. பிரஷ் செய்ய இரண்டு நிமிடம். துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் பயன். கொப்பளித்தால் அதையும் கழுவி ஊற்றிவிடுகிறோம்.

ரசமோ புளிக்குழம்போ எலுமிச்சைச் சாதமோ சாப்பிட்டிருந்தால், புளிப்பு பட்ட எனாமல் சற்று இளகியிருக்கும். உடனே பிரஷ் போட்டால் தேய்மானம் கூடும் என்பதால் அரை மணி நேரமாவது விடச் சொல்கிறார்கள். படுக்கும் முன் பால் குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் முன்னால் நகர்த்த வேண்டும். துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான். எனவே செய்தி வர வேண்டிய நேரம் படுக்கும் நேரத்தை வைத்து அமைவதில்லை. சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து என்று கணக்கிட வேண்டும்.

அடுத்தது முகம். இங்கே வரிசை இரண்டாகப் பிரியும். வெறும் மாய்ஸ்சரைசர் போடுபவர் என்றால், முகம் கழுவித் துண்டால் ஒற்றியவுடன், ஈரம் லேசாக இருக்கும்போதே போடுவது நல்லது. அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பருவுக்காகத் தோல் மருத்துவர் அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயின் ஜெல் எழுதித் தந்திருந்தால் கதை நேர்மாறு. முகம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோலில் போட்டால் எரிச்சலும் தோலுரிதலும் அதிகம். ட்ரெட்டினாயினுக்கு முகம் கழுவி 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இவ்விரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

இந்தக் காத்திருப்பில்தான் பலருடைய வரிசை அறுந்துபோகிறது. முகம் கழுவிவிட்டு இருபது நிமிடம் சும்மா இருப்பவர் யார்? போனை எடுப்பார், அப்படியே தூங்கிவிடுவார். துணி எடுத்து வைக்கும் வேலையை இந்த இடைவெளியில் செருகினால் ஐந்தாறு நிமிடம் பயனாகக் கழியும். மீதி நேரத்துக்கு மறுநாள் பையை அடுக்கலாம், தண்ணீர் பாட்டிலை நிரப்பலாம்.

துணியை ஜெல்லுக்கு முன்னால் முடிக்க இன்னொரு காரணமும் உண்டு. பருவுக்குத் தரும் பென்ஸாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும். அதைத் தடவிய விரலோடு கறுப்புச் சட்டையை எடுத்தால், சில நாள் கழித்து ஆரஞ்சு நிறப் புள்ளி தெரியும். சோப்புத்தூள் மேலோ இஸ்திரிக்காரர் மேலோ பழி விழும். அந்த மருந்து போடுபவர்கள் துணியைத் தொட்டு முடித்த பிறகே ட்யூபைத் திறக்க வேண்டும். தலையணை உறையும் முகத் துண்டும் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை.

ஆக, இரண்டு வகை இரவுகள்:

- ஜெல் இரவு: பல், முகம் கழுவல், துணி, ஜெல்
- சாதா இரவு: பல், முகம் கழுவல், மாய்ஸ்சரைசர், துணி

தொடக்கத்தில் இந்த ஜெல்லை ஒன்றுவிட்டு ஒரு நாள் போடச் சொல்வது வழக்கம் என்பதால், ஒரே ஆளுக்கே இரண்டு வரிசைகளும் வாரத்தில் மாறி மாறி வரும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதுதான் முக்கியமான உரைகல்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒன்று, தாமதமானால் வரிசை நிலைக்கிறதா. விருந்தாளி வந்து அரை மணி போய்விட்டால், மீதி வேலைகளும் அப்படியே பின்னால் நகர வேண்டும்.

இரண்டு, செய்து முடிக்கும்வரை செய்தி கண்ணில் படுகிறதா. கையெட்டும் தூரத்தில் வராத செய்தியும், ஒரு தள்ளலில் மறையும் செய்தியும் வராததற்குச் சமம்.

மூன்று, நாளுக்கு நாள் வாசகம் மாற முடிகிறதா. இன்று எந்த இரவு என்று யோசிக்க வைத்தால், அது நினைவூட்டல் ஆகாது.

நான்கு, மறைந்திருக்கும் செலவு. அமைக்கும் நேரம், பராமரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கு ஆகும் தொந்தரவு எல்லாம் இதில் அடக்கம்.

| | தாமதத்தைத் தாங்குமா | செய்தி நிற்குமா | நாளுக்கொரு வாசகம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| மூன்று அலாரம் | தாங்காது | நிற்காது | சிரமம் | மூன்று முறை சத்தம் |
| பெயரிட்ட ஒரே அலாரம் | தாங்கும் | அணைத்ததும் போய்விடும் | கிழமை வாரியாக முடியும் | வீட்டில் சத்தம் |
| கூகுள் காலண்டர் | ஓரளவு | தள்ளினால் போய்விடும் | நன்றாக முடியும் | சத்தமின்றித் தவறிப்போகலாம் |
| டெலிகிராம் பாட் | தாங்கும் | நிற்கும் | நன்றாக முடியும் | அமைப்பதும் காப்பதும் |

## மூன்று அலாரம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: 9.30 பல், 9.36 முகம், 9.42 துணி. இது மணிக்கணக்கை நம்புகிறது, வரிசையை நம்பவில்லை. 9.30 அலாரம் அடிக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தால், பேசி முடிப்பதற்குள் மற்ற இரண்டும் அடித்து ஓய்ந்திருக்கும். எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்ற கணக்கு நம் தலையில் விழும். ஒரு வாரத்தில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கக் கை பழகிவிடும்.

இது பொருந்தும் இடம் ஒன்றே ஒன்று: வேலைகளுக்கு நடுவே உண்மையிலேயே நீண்ட இடைவெளி வேண்டியிருக்கும்போது. முகம் கழுவி அரை மணி கழித்தே ஜெல் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால், ஜெல்லுக்கு மட்டும் ஒரு டைமர் வைத்துக்கொள்ளலாம். அதையும் முகம் கழுவிய கையோடு ஓடவிட வேண்டும். கடிகார நேரத்துக்கு வைத்தால் மறுபடி அதே சிக்கல்.

## பெயரிட்ட ஒரே அலாரம்

போனின் கடிகாரச் செயலியிலேயே ஓர் அலாரம் வைத்து, அதன் லேபிளில் முழு வரிசையையும் எழுதுவது. இதற்குச் செயலி எதுவும் புதிதாக வேண்டாம், இணையம் வேண்டாம். Do Not Disturb போட்டிருந்தாலும் வழக்கமான அமைப்பில் அலாரம் அடிக்கும். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் மற்றச் செயலிகளை உறங்க வைத்தாலும் இதைத் தொடாது. நம்பகத்தன்மையில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

தாமதமானால் ஸ்னூஸ் இருக்கிறது. வரிசை முழுவதும் ஒரே துண்டாக இருப்பதால், பத்து நிமிடம் தள்ளினால் எல்லாம் சேர்ந்தே தள்ளிப்போகும். ஜெல் இரவுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று ஓர் அலாரம். மீதி நாட்களுக்கு வேறு லேபிளோடு இன்னோர் அலாரம். "ஒன்றுவிட்டு ஒரு நாள்" என்று கடிகாரச் செயலியில் பொதுவாகச் சொல்ல முடியாது. கிழமையாக வைத்துவிட்டால் ஞாயிறும் சனியும் சாதா இரவாக அடுத்தடுத்து வரும். தோலுக்கு அதனால் நட்டமில்லை. நினைவில் வைக்கவும் எளிது.

குறைகள் இரண்டு. அலாரத்தை அணைத்த நொடியில் லேபிளும் மறைந்துவிடும். நாலு சொல்தானே என்று தோன்றும். ஆனால் முகம் கழுவிவிட்டு நிமிரும்போது "அடுத்து துணியா, கிரீமா" என்ற கேள்வி எழும் முதல் சில வாரங்களில் அது தேவை. இதற்கு மருந்து, இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைப்பது. ஈரத்தில் மை கரையாமல் இருக்க அகலமான டேப்பால் முழுவதுமாக மூடி ஒட்ட வேண்டும்.

இன்னொன்று சத்தம். கைக்குழந்தை உறங்கும் வீட்டில் ஒன்பதரைக்கு அலாரம் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒலியளவைக் குறைத்து வைக்கலாமே என்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் எல்லா அலாரத்துக்கும் ஒலியளவு ஒன்றுதான். இரவுக்காகக் குறைத்தது காலை அலாரத்தையும் குறைத்துவிடும், கம்பெனி கேப் போய்விடும். ஒலியளவைத் தொடாமல், இந்த அலாரத்துக்கு மட்டும் மெல்லிய டோன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைப்பதே சரி.

## கூகுள் காலண்டர்

நாட்கள் மாறிமாறி வருபவர்களுக்கும், வாரத்தில் சில இரவு அலுவலகப் போன் கால் இருப்பவர்களுக்கும் இது வசதி. ஒரு நிகழ்வை எந்தெந்தக் கிழமை என்று சொல்லித் திரும்பத் திரும்ப வரவைக்கலாம். உண்மையிலேயே ஒன்றுவிட்டு ஒரு நாள் வேண்டுமென்றாலும் முடியும். ஊருக்குப் போகும் இரவை மட்டும் நீக்க, அழிக்கும்போது This event என்பதைத் தேர்ந்தால் மற்றவை அப்படியே இருக்கும்.

அமைப்பில் கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. வரிசையை நிகழ்வின் தலைப்பிலேயே எழுத வேண்டும். கீழே விவரப் பகுதியில் எழுதினால் அறிவிப்பில் தெரியாது, தொட்டு உள்ளே போனால்தான் தெரியும். தலைப்பு நீண்டால் ஓரத்தில் வெட்டுப்படும். "பல்–முகம்–துணி–ஜெல்" என்ற அளவே போதும். அறிவிப்பு சில நிமிடம் முன்கூட்டி வருமாறு ஏற்கெனவே அமைந்திருக்கும். அதை நிகழ்வு நேரத்துக்கே மாற்ற வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டின் முன் இருக்கும்போது வந்து, தள்ளிவிடப்பட்டு, மறக்கப்படும். நிகழ்வைச் சொந்தக் கணக்கில் போடுங்கள். அலுவலகக் கணக்கில் போட்டால் அந்தக் கால் மணி நேரம் நீங்கள் வேலையில் இருப்பதாகத் தெரியும். பகிர்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்து "பல்–முகம்" என்ற தலைப்பையே சகாக்கள் படிக்க நேரும்.

இதன் பெரிய குறை, வந்ததே தெரியாமல் போவது. Do Not Disturb இதை அடக்கிவிடும். சில போன்களில் பேட்டரிக் கட்டுப்பாடு அறிவிப்பைத் தாமதப்படுத்தும். வந்தாலும் வாட்ஸப் குவியலின் அடியில் ஒரு வரியாகக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே தள்ளலில் அழிப்பவர் இதையும் அழிப்பார். இப்படித் தவறுகிறதா என்று கண்டுபிடிக்க, மறுநாள் காலை நினைத்துப் பாருங்கள்: செய்தியைப் பார்த்துவிட்டுச் செய்யாமல் விட்டீர்களா, பார்க்கவே இல்லையா? பார்க்கவே இல்லை என்பது வாரத்தில் இருமுறை நடந்தால் அமைப்பில்தான் கோளாறு. போனின் பேட்டரி அமைப்பில் காலண்டருக்குக் கட்டுப்பாட்டை நீக்கிப் பாருங்கள். அப்போதும் தவறினால் அலாரத்துக்கே மாறிவிடுங்கள்.

## டெலிகிராம் பாட்

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டி ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு மட்டும். இதற்காகவே வாடகைக்கு சர்வர் எடுப்பது வீண்.

டெலிகிராமில் BotFather-ஐத் திறந்து /newbot அனுப்பினால் ஒரு டோக்கன் கிடைக்கும். பாட் தானாக உங்களிடம் பேச்சைத் தொடங்காது. நீங்கள் முதலில் அதைத் திறந்து Start அழுத்தியாக வேண்டும். இதை மறந்துவிட்டு "செய்தி வரவே மாட்டேன் என்கிறது" என்று தேடுபவர்கள் ஏராளம். பிறகு இரண்டு உரைக் கோப்புகள், crontab-இல் இரண்டு வரிகள்; TOKEN இடத்தில் அந்த டோக்கன், ID இடத்தில் உங்கள் உரையாடலின் எண்:

```
0 16 * * 1,3,5 curl -s https://api.telegram.org/botTOKEN/sendMessage -d chat_id=ID --data-urlencode text@/home/pi/gel.txt
0 16 * * 0,2,4,6 curl -s https://api.telegram.org/botTOKEN/sendMessage -d chat_id=ID --data-urlencode text@/home/pi/sada.txt
```

பெட்டியின் கடிகாரம் UTC-யில் இருந்தால் 16 மணி என்பது நமக்கு இரவு 9.30. இந்திய நேரத்தில் இருந்தால் தொடக்கத்தை 30 21 என்று மாற்ற வேண்டும். date என்று தட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வேண்டுமென்று தேதி இடத்தில் */2 போடாதீர்கள். அது ஒற்றைப்படைத் தேதிகளில் ஓடும். 31-ஆம் தேதியும் மறுநாள் 1-ஆம் தேதியும் ஒற்றைப்படை என்பதால் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் ஜெல் விழும், கன்னம் எரியும்போதுதான் காரணம் தேடுவோம்.

நன்மை என்னவென்றால், செய்தி படிக்கும்வரை படிக்காத கணக்கில் நிற்கும். படித்த பிறகும் உரையாடலில் அப்படியே இருக்கும். குளியலறை வாசலில் நின்று மறுபடி பார்க்கலாம். குடும்பக் குழுவில் பாட்டைச் சேர்த்து, chat_id-யில் குழுவின் எண்ணைப் போட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அதே செய்தி போகும்: பிள்ளைக்கு வரிசை பல், முகம், சீருடை என்று அங்கேயே இன்னொரு வரி. நட்டம், பெட்டி அணைந்திருந்த நேரத்துச் செய்தியை க்ரான் பின்னால் அனுப்பாது. ஒன்பதரைக்கு மின்வெட்டு என்றால் அன்று செய்தி இல்லை. டோக்கன் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் பாட்டின் பெயரில் எழுதலாம் என்பதால், அந்த வரியை எங்கும் ஒட்டிப் பகிரக் கூடாது.

## ஒருவருக்குப் பொருத்திப் பார்த்தால்

சென்னையில் ஐடி வேலை. காலை 7.15-க்குக் கம்பெனி கேப். இரவுச் சாப்பாடு 8.30-க்குத் தொடங்கி 8.50-க்கு முடியும். செவ்வாயும் வியாழனும் 9.30 முதல் 10.15 வரை வெளிநாட்டுக் கால். திங்கள், புதன், வெள்ளி அடாபலீன்.

சாப்பாட்டுக்குப் பின் அரை மணி என்றால் 9.20. எனவே சாதாரண நாளில் செய்தி 9.30. கால் உள்ள இரவுகளில் 9.20-க்கே தொடங்கி அவசரப்படுவதைவிட, 10.20-க்குத் தள்ளுவது நல்லது. காலின் நடுவில் டீ குடிப்பார் என்றால் துலக்கியது வீண். ஆக மூன்று நிகழ்வுகள்: ஜெல் இரவு 9.30, செவ்வாய்–வியாழன் 10.20, சனி–ஞாயிறு 9.30. இந்த நேரப் பிரிவுதான் இவரைக் காலண்டர் பக்கம் தள்ளுகிறது. கால் நாட்களில் Do Not Disturb போட்டு, கால் முடிந்ததும் எடுக்க மறப்பவர் என்றால், அந்த இரண்டு நாளுக்கு மட்டும் அலாரம்.

ஜெல் இரவில் நிமிடக் கணக்கு இப்படி அமையும். 9.30 நூலும் பிரஷும், நான்கு நிமிடம். முகம் கழுவி ஒற்றி எடுக்க 9.36. துணிக்கு 9.42 வரை. பை, பாட்டில், காலைக்கு ஊற வைக்க வேண்டியது என்று 9.56. அப்போது ஜெல், கை கழுவல், முடிந்தது 10 மணி.

இதில் துணிக்கு ஆறு நிமிடம் என்பது எல்லாம் தயாராக இருந்தால்தான். சட்டை, பேண்ட், உள்ளாடை, சாக்ஸ், பெல்ட், கைக்குட்டை, ஐடி கார்டு என்று ஏழும் ஒரே நாற்காலியில் இருக்க வேண்டும். பட்டன் அறுந்திருப்பதும் இஸ்திரி போடாததும் இந்த நேரத்தில் தெரிந்தால், கடை மூடியிருக்கும். வரிசை இருபது நிமிடம் நீளும், ஜெல் அடிபடும். ஞாயிறு மாலையே ஐந்து நாள் சட்டை–பேண்ட்டை ஜோடியாக ஹேங்கரில் தொங்கவிட்டால், தினசரி வேலை இரண்டு நிமிடமாகக் குறையும். வரிசை எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இங்கேதான். ஆனால் திட்டு வாங்குவது செயலி.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், வாரம் முழுக்க ஒரே நேரம், மருந்து எதுவும் இல்லை என்றால் இத்தனை யோசனையே தேவையில்லை. பெயரிட்ட அலாரம் ஒன்று, கண்ணாடியில் தாள் ஒன்று. இரண்டையும் இன்றைக்கே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.